பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு, அண்ணத்தில் பேரீச்சம்பழம்: பிரசவ வார்டில் செய்யும் முறை

இரவு 2:10க்குத் தங்கச்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம், எடை 2 கிலோ 850 கிராம். மச்சான் ரியாத்தில் இருந்தார், அங்கே அப்போது மணி 11:40. வார்டு வாசலில் நான், அத்தா, நானி மூன்று பேர். நானியின் கைப்பையில் ஜவ்வாது மலைத் தேன் ஒரு பாட்டில், என் சட்டைப் பையில் சின்ன எவர்சில்வர் சம்படத்தில் நாலு பேரீச்சம்பழம். மேல்விஷாரத்திலிருந்து வேலூருக்கு வரும் வழியெல்லாம் தேனா பழமா என்ற பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பாங்கு சொல்வதும் பழம் தொட்டு வைப்பதும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. நான் பார்த்த வரையில் தவறு நடப்பது இரண்டு இடங்களில். யாராவது வரட்டும் என்று காத்திருப்பது ஒன்று, கொஞ்சம் கூடவே வைப்போமே என்று அள்ளி வைப்பது மற்றொன்று. என் மூத்த மகள் பிறந்தபோது எங்கள் வீட்டில் இரண்டுமே நடந்தன. பெரியவர் ஒருவர் வந்துதான் பழம் வைக்க வேண்டும் என்று மூன்று மணி நேரம் பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் வைத்திருந்தோம். அவர் வந்ததும் தோலோடு கால் பழத்தைப் பிட்டு வாயில் வைத்துவிட்டார். பிள்ளை ஓங்கரித்து முகம் சிவந்து போனது. தோல் வெளியே வந்துவிட்டதால் பிழைத்தோம். அதற்குப் பிறகு ஹஜ்ரத்மார்களிடமும் குழந்தை மருத்துவரிடமும் நர்சுகளிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வலி எடுக்கும் முன்பே தயார் செய்ய வேண்டியவை

எட்டாம் மாதம் முடிவதற்குள் ஒரு காரியத்தைப் பேசி முடித்துவிடுங்கள்: பாங்கு சொல்வது யார், பழம் வைப்பது யார், அவர் இல்லாவிட்டால் அடுத்தது யார். அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர், எந்த நேரத்திலும் மருத்துவமனையில் இருக்கக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது குழந்தையின் அப்பாவோ தாத்தாவோ மாமாவோதான். பாங்கு சொல்ல ஹஜ்ரத்தோ மோதினாரோதான் வர வேண்டும் என்பது எந்த மத்ஹபிலும் நிபந்தனை இல்லை. ஆண்கள் யாரும் பக்கத்தில் இல்லாத அறையில் என்ன செய்வது என்று எங்கள் தெரு ஹஜ்ரத்திடம் கேட்டேன். "உள்ளே இருக்கிற பெண்ணே மெதுவாகச் சொல்லட்டும். இது தொழுகைக்கு ஊரைக் கூப்பிடுகிற பாங்கு இல்லையே" என்றார்.

மச்சான் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் வருகிற கேள்வி, போனில் பாங்கு சொல்லலாமா என்பது. ரெக்கார்டு செய்த பாங்கைக் காதருகே ஓட விடுவதைப் பாங்கு சொன்னதாக உலமாக்கள் எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவருக்கு நிய்யத் வேண்டும். வீடியோ காலில் அப்பா நேராகச் சொன்னாலும் அறையில் இருக்கும் ஒருவர் தன் வாயால் சொல்லிவிடுவதுதான் சந்தேகமில்லாத வழி. மச்சானை நாங்கள் போனில் பார்க்க வைத்தோம், பாங்கை அத்தா சொன்னார். இன்னொரு விஷயமும் உண்டு. போன் ஸ்பீக்கரைப் பச்சைக் குழந்தையின் காதில் ஒட்டி வைத்தால் அந்தச் சத்தம் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு உள்ளே போகும்.

கிப்லா திசையையும் முன்கூட்டியே பார்த்து வைக்கலாம். வேலூரிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து சுமார் 18 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கிறது. போன் காம்பஸில் 288 என்று காட்டும். இரும்புக் கட்டிலுக்கும் மெஷின்களுக்கும் பக்கத்தில் வைத்தால் காம்பஸ் உளறும், அதனால் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள். சரியாக அமையவில்லை என்றால் அதற்காகக் குழந்தையின் தொட்டிலை இழுத்துத் திருப்பத் தேவையில்லை. சொல்பவர் கிப்லா பக்கம் நிற்பது நல்லது, அவ்வளவுதான். ஒளு இருப்பதும் அதே மாதிரி நல்லது, இல்லாவிட்டால் பாங்கு கூடாமல் போகாது.

பாங்கு: எப்போது, எப்படிப் பிடித்துக்கொண்டு

பிறந்த உடனே குழந்தையைத் துடைத்து, மூச்சும் அழுகையும் பார்த்து, தொப்புள் கொடி வெட்டி, அம்மாவின் நெஞ்சில் போடுவார்கள். தொடையில் விட்டமின் கே ஊசியும் போடுவார்கள். இதில் எதையும் நிறுத்திப் பாங்கு சொல்ல வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, அந்த நேரத்தில் குழந்தை தாயின் உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும். ஆகவே "குழந்தையைக் கொடுங்க, பாங்கு சொல்லணும்" என்று நெஞ்சிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள். அம்மாவின் நெஞ்சில் குழந்தை தலையை ஒரு பக்கம் திருப்பித்தான் படுத்திருக்கும். வலது காது மேலே இருந்தால் அப்படியே குனிந்து சொல்லலாம். இடது காது மேலே இருந்தால் நர்சிடம் சொல்லுங்கள், அவர் தலையை மெல்லத் திருப்பி வைப்பார். உள்ளே ஆண்களை விடாத வார்டு என்றால் குழந்தையைக் காட்ட வெளியே கொண்டுவரும் அந்த இரண்டு நிமிடம் போதும். சிசேரியனில் பெரும்பாலும் அப்படித்தான் அமையும்.

கையில் வாங்கினால் குழந்தையின் தலை உங்கள் இடது முழங்கை மடிப்பில் இருந்தால் அதன் வலது காது மேல்பக்கம் உங்கள் முகத்தை நோக்கி வரும்படி லேசாகச் சாய்க்கலாம். கழுத்தை விட்டுவிடாதீர்கள். போர்த்திய துணியை விலக்கக் கூடாது, பிறந்த குழந்தை சீக்கிரம் குளிர்ந்து போகும். தலைக்குல்லா காதை மூடியிருந்தால் அந்த ஓரத்தை மட்டும் தூக்கினால் போதும்.

வாய்க்கும் காதுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். உதடு காதில் படக் கூடாது, மூச்சுக் காற்று நேராகக் காதுக்குள் போகக் கூடாது. குரல் பக்கத்து ஆளிடம் ரகசியம் சொல்கிற அளவு. கேட்குமோ கேட்காதோ என்ற கவலை வேண்டாம். கருவில் கடைசி மூன்று மாதங்களிலேயே பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். முதல் நாள் காதுத் துளையில் பனிக்குட நீரும் பிசுக்கும் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் முதல் நாளில் செய்யும் காது பரிசோதனை சில குழந்தைகளுக்குச் சரியாக வராமல் மறுபடி செய்யச் சொல்வார்கள். அதை நாம் விரலாலோ துணி நுனியாலோ துடைத்துச் சுத்தம் செய்யக் கூடாது, தானே வெளியேறிவிடும்.

சொல்ல வேண்டியது வழக்கமான பாங்கின் 15 வாக்கியங்கள்:

அல்லாஹு அக்பர் (4 முறை)
அஷ்ஹது அன் லா இலாஹ இல்லல்லாஹ் (2 முறை)
அஷ்ஹது அன்ன முஹம்மதர் ரஸூலுல்லாஹ் (2 முறை)
ஹய்ய அலஸ் ஸலாஹ் (2 முறை)
ஹய்ய அலல் ஃபலாஹ் (2 முறை)
அல்லாஹு அக்பர் (2 முறை)
லா இலாஹ இல்லல்லாஹ் (1 முறை)

சுப்ஹு நேரத்தில் பிறந்த பிள்ளை என்றாலும் "அஸ்ஸலாத்து ஹைரும் மினன் நவ்ம்" சேர்ப்பதில்லை. அது சுப்ஹு தொழுகைக்கான பாங்கில் தூங்குகிறவர்களை எழுப்பச் சொல்வது. படபடப்பில் இருக்கும் தாத்தாக்கள் பழக்கத்தில் அதையும் சேர்த்துவிடுவார்கள். எங்கள் அத்தாவும் "அஸ்ஸ" வரை வந்து நிறுத்திக்கொண்டார்.

தமிழ் எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அக்பர்" என்பதை ராகம் போட்டு "அக்பார்" என்று இழுத்தால் அரபியில் பொருளே மாறிவிடும். முதல் எழுத்தை "ஆல்லாஹு" என்று நீட்டினால் அது கேள்வியாகிவிடும். ரகசியக் குரலில் ராகத்துக்கு இடமில்லை என்பதால் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்வதே நல்லது. முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் முடியும். உச்சரிப்பு உறுதியாக இல்லாதவர் முந்தைய வாரமே பள்ளிவாசலில் ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு வரலாம்.

"ஹய்ய அலஸ் ஸலாஹ்" சொல்லும்போது முகத்தை வலப் பக்கமும் "ஹய்ய அலல் ஃபலாஹ்" சொல்லும்போது இடப் பக்கமும் திருப்புவது பள்ளிவாசல் பாங்கில் நாம் பார்ப்பது. வட ஆற்காடு பக்கம் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப். ஹனஃபி ஃபிக்ஹு நூலான ரத்துல் முஹ்தாரில், குழந்தைக்குப் பாங்கு சொல்பவரும் இப்படித் திரும்ப வேண்டும் என்றே வருகிறது. திரும்புவது சொல்பவரின் முகம்தான், குழந்தையின் தலை அல்ல. சிரிக்காதீர்கள், குழந்தையின் தலையை அங்கும் இங்கும் திருப்பிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

இடது காதில் இகாமத்

எங்கள் பக்கத்தில் வலது காதில் பாங்கு முடிந்ததும் இடது காதில் இகாமத் சொல்வார்கள். ஹனஃபி முறையில் இகாமத்தும் பாங்கு போலவேதான். "ஹய்ய அலல் ஃபலாஹ்" முடிந்ததும் "கத் காமதிஸ் ஸலாஹ்" இரண்டு முறை சேரும், மொத்தம் 17 வாக்கியங்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து சம்பந்தம் செய்த வீடு என்றால் அவர்கள் ஷாஃபிஈ. அவர்களுடைய இகாமத் 11 வாக்கியங்கள். சம்பந்தி சொல்வது குறைகிறதே என்று நடுவில் திருத்தப் போகாதீர்கள், இரண்டும் சரியே.

இதற்கான ஆதாரத்தைப் பற்றி வார்டு வாசலிலேயே வாக்குவாதம் நடப்பதுண்டு, அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு ஹஸன் (ரலி) பிறந்தபோது நபி (ஸல்) அவர்கள் காதில் பாங்கு சொன்னதைப் பார்த்ததாக அபூ ராஃபிஉ (ரலி) அறிவிப்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. திர்மிதி இமாம் அதை ஏற்றுக்கொண்டு எழுதியிருக்கிறார். அதன் அறிவிப்பாளர் வரிசையில் வரும் ஆஸிம் இப்னு உபைதில்லாஹ் பலவீனமானவர் என்பது ஹதீஸ் கலையில் தெரிந்த விஷயம். இடது காதில் இகாமத் என்று வரும் அறிவிப்பு அதைவிடவும் பலவீனம். ஆனாலும் ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் பாங்கு சொல்லும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருக்கிறது. தவ்ஹீத் சகோதரர்கள் சொல்வதில்லை, பாக்கியாத்தில் ஓதிய ஹஜ்ரத்மார்கள் சொல்லச் சொல்கிறார்கள். குழந்தையின் பெற்றோர் எந்தப் பக்கமோ அதன்படி செய்துவிட்டுப் போகலாம். கடமை என்று யாருமே சொல்லவில்லை என்பதால் விட்டுப்போனால் பாவமும் இல்லை.

பழம்: அரிசி அளவுக்கு மேல் போகாதே

இனி தஹ்னீக் என்னும் பழம் தடவுதல். இதன் ஆதாரத்தில் சண்டை கிடையாது. ஹிஜ்ரத் வந்த புதிதில் குபாவில் அஸ்மா (ரலி) அவர்களுக்கு அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் பிறந்தபோது நபியவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தை வரவழைத்து மென்று, குழந்தையின் அண்ணத்தில் தடவி, பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அபூ மூஸா (ரலி) அவர்களின் மகனுக்கு இப்ராஹீம் என்று பெயர் வைத்து தஹ்னீக் செய்ததும் அப்படியே. உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் குழந்தை வாயில் வைத்த பழத்தை நாக்கைச் சுழற்றிச் சப்பியபோது, அன்ஸார்களுக்குப் பேரீச்சம்பழத்தின் மேலிருக்கும் பிரியத்தைப் பாருங்கள் என்று நபியவர்கள் சொன்னதாக வரும்.

தஹ்னீக் என்ற சொல்லே "ஹனக்" என்பதிலிருந்து வந்தது, அதன் பொருள் அண்ணம். வாய்க்குள் மேல்பக்கம் தடவுவதுதான் காரியம், ஊட்டுவது இல்லை. இது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நம்மூரில் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும் பழக்கம் எல்லாச் சாதியிலும் உண்டு. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், கஸ்தூரி என்று வீட்டுக்கு ஒரு சேனை. நம் வீட்டுப் பெண்கள் பழம் வைப்பதையும் அதே கணக்கில் சேர்த்து, அரைச் சங்கு கரைத்து ஊட்டப் பார்ப்பார்கள். தஹ்னீக்குக்கு வேண்டியது ஒரு அரிசி மணி அளவுக் கூழ், அதுவும் தண்ணீராக ஓடாமல் விரலில் ஒட்டி நிற்கும் பதம்.

பழத்தில் மென்மையானதைத் தேர்ந்தெடுங்கள். அஜ்வா இருந்தால் சந்தோஷம், ஆனால் உம்ராவிலிருந்து வந்து ஒரு வருடம் டப்பாவில் காய்ந்த அஜ்வாவைவிட லாங் பஜாரில் ஃபிரிட்ஜில் வைத்து விற்கும் கறுத்த கிமியா பழம் இந்த வேலைக்கு மேல். கறுப்பும் பளபளப்பும் தரும் சர்க்கரைப் பாகு பூசிய பழமும், கொட்டை நீக்கி அடைத்து அமுக்கிய பாக்கெட் பழமும் வேண்டாம்.

பழத்தைக் கழுவுங்கள். விரலால் நீளவாக்கில் பிளந்து கொட்டையை எடுத்து உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பேரீச்சம்பழத்துக்குள் புழு இருப்பதும், கொட்டையை ஒட்டி மிளகுப் பொடி மாதிரி அதன் எச்சம் கிடப்பதும் சாதாரணம், வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. என் சம்படத்தில் இருந்த நாலில் ஒன்று அப்படித்தான் இருந்தது. சரியான பழத்தைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள், காய்ந்த பழம் என்றால் அரை மணி. வேலூர் பக்கக் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடிக்காதீர்கள், கொதிக்க வைத்து ஃபிளாஸ்கில் கொண்டு போய்விடுங்கள். ஊறியதும் தோல் காகிதம் மாதிரி உரிந்து வரும், அதை முழுவதும் எடுத்துவிடுங்கள். கொட்டையை ஒட்டிய வெள்ளை நாரையும் எடுக்க வேண்டும். மிச்சச் சதையைக் கொதிநீரில் போட்டு எடுத்த ஸ்பூனின் பின்பக்கத்தால் மசித்து, அதே மாதிரி சுத்தம் செய்த டீ வடிகட்டியில் அழுத்தித் தேயுங்கள். வடிகட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிற கூழ்தான் நமக்கு வேண்டியது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், நெறுநெறுப்போ நூலோ தட்டுப்பட்டால் இன்னொரு முறை வடிகட்டுங்கள். இதை வலி எடுத்த பிறகு செய்தால் போதும். முந்தின நாளே செய்து வைத்த கூழ் கோடையில் புளித்துவிடும்.

வாயில் மென்று வைக்கலாமா என்று கேட்பார்கள். ஹதீஸில் வருவது அப்படித்தான். ஆனால் நபியவர்களின் உமிழ்நீரில் இருந்த பரக்கத் அவர்களுக்கே உரியது என்று விளக்கும் உலமாக்கள் இருக்கிறார்கள், நல்லடியார் யார் மென்று வைத்தாலும் சிறப்பு என்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர் சொன்ன காரணம் வேறு. உதட்டோரம் கொப்புளம் வரும் அந்த ஹெர்பிஸ் கிருமி பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் மூளை வரை போய் உயிரையே எடுத்துவிடலாம். கொப்புளம் வெளியே தெரியாதபோதும் எச்சிலில் அது இருக்கலாம். இருமலும் காசநோயும் தனிக் கதை. பழத்தை மசிக்க ஸ்பூன் இருக்கும்போது எச்சிலுக்கு அவசியமில்லை. பெரியவர் மெல்ல வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் இருந்தால், அவர் துஆ ஓதி மசிக்கட்டும், விரலால் அவரே தடவட்டும்.

தடவும் முறை

குழந்தை விழித்திருக்க வேண்டும். தூங்கும் பிள்ளையின் வாயைத் திறக்காதீர்கள். தடவுகிறவர் மோதிரத்தைக் கழற்றி, நகம் வெட்டி, சோப்புப் போட்டு முழங்கை வரை ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவ வேண்டும். அத்தர் பூசிய கையோடு வருபவர்களைத் திருப்பி அனுப்பிக் கழுவச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

குழந்தையைத் தலை உயர்ந்து அரைகுறையாக உட்கார்ந்த மாதிரி பிடிக்கச் சொல்லுங்கள். வலது ஆள்காட்டி விரலின் சதைப் பக்கத்தில் அரிசி மணி அளவு கூழ் எடுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி விரலால் கீழுதட்டைத் தொட்டால் பிள்ளை தானே வாயைத் திறக்கும். சதைப் பக்கம் மேலே பார்க்கும்படி விரலை நுழைத்து, மேல் ஈறைத் தாண்டி உடனே வரும் கெட்டியான வரிவரியான இடத்தில் வலமும் இடமுமாக இரண்டு மூன்று முறை தடவுங்கள். விரலின் முதல் கணுவுக்கு மேல் உள்ளே போகக் கூடாது. இன்னும் பின்னே போனால் மெத்தென்ற அண்ணம் வரும், அங்கே பட்டால் ஓங்கரிக்கும். பிள்ளை விரலைப் பிடித்துச் சப்பத் தொடங்கும், அந்த இழுப்பின் வலு உங்களை ஆச்சரியப்பட வைக்கும். நாலு முறை சப்ப விட்டு எடுத்துவிடுங்கள். பையனுக்கு "அல்லாஹும்ம பாரிக் ஃபீஹி", பெண் பிள்ளைக்கு "ஃபீஹா" என்று துஆ செய்தால் முடிந்தது. பெயரை அப்போதே சொல்லலாம், ஏழாம் நாள் அகீகா வரை வைத்திருந்தாலும் சரி.

விரல் அண்ணத்தில் போகும்போது குழியோ பிளவோ தட்டுப்பட்டால் பழத்தை அங்கே விட்டுவிடாமல் விரலை எடுத்து நர்சிடம் சொல்லுங்கள். வெளியே உதடு சரியாக இருந்து உள்ளே அண்ணம் மட்டும் பிளந்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

பாலுக்கு முன்பா பின்பா? அப்துல்லாஹ் இப்னு ஸுபைரின் வயிற்றில் முதலில் இறங்கியது நபியவர்களின் உமிழ்நீர் என்று அறிவிப்பில் வருவதால் முதலில் பழம் என்பதைச் சிறப்பாகச் சொல்வார்கள். பழமும் ஆளும் தயாராக இருந்தால் அப்படியே செய்யுங்கள். தயாராக இல்லை என்றால் பால் கொடுக்கட்டும். பால் குடித்த பிள்ளைக்குத் தஹ்னீக் கூடாது என்று எங்கும் இல்லை. காத்திருக்கும் நேரத்தில்தான் பிள்ளையின் இரத்தச் சர்க்கரை இறங்கும்.

இறங்கிய சர்க்கரைக்குப் பழம் மருந்து என்றும் ஒரு பேச்சு வாட்ஸாப்பில் சுற்றுகிறது. மருத்துவமனைகளில் சர்க்கரை குறைந்த பிள்ளையின் கன்னத்துக்குள் 40 சதவீத குளுக்கோஸ் ஜெல் தடவுவது உண்மைதான், 2013இல் நியூசிலாந்தில் நடந்த ஆய்வு அதற்கு வழி காட்டியது. அதன் அளவு கிலோவுக்கு அரை மில்லி. நாம் தடவும் அரிசி மணிக் கூழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். பழம் தொட்ட கையோடு அந்தக் காலைப் பிடித்தால் பிசுக்கு ஒட்டி அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். தடவி முடித்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும்.

தேன் பாட்டில்

பேரீச்சம்பழம் இல்லாவிட்டால் வேறு இனிப்பு, அதிலும் தேன் என்று பழைய நூல்களில் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம். தேனில் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் விதை இருக்கலாம். நம் குடலில் அது முளைக்காது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷம் உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை ஈனமாகும், பால் இழுக்க வலு இருக்காது, இமை தொங்கும், கடைசியில் மூச்சு. கலப்படமில்லாத மலைத் தேன் என்பதால் ஆபத்து குறையாது. வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த விதை சாகாது.

இதை நானியிடம் வராந்தாவில் சொன்னபோது அவர் பாட்டிலை மடியை விட்டு எடுக்கவில்லை. "நீங்கல்லாம் தேன் நக்கித்தாண்டா வளந்தீங்க" என்றார். நான் பதில் சொல்லாமல் சம்படத்தைத் திறந்து காட்டினேன். "நானி, பழம் இருக்கும்போது தேன் எதுக்கு? ஹதீஸ்ல பழந்தானே?" அந்தக் கேள்வி வேலை செய்தது. கிருமியைப் பற்றிப் பேசிப் பெரியவர்களை ஜெயிப்பது கஷ்டம், ஸுன்னத் எது என்று கேட்டால் அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள்.

எப்போது தள்ளிப்போட வேண்டும்

34 வாரத்துக்கு முன் பிறந்தது, எடை மிகக் குறைந்தது, மூச்சுக் கஷ்டத்தால் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது, மூக்கு வழியாகக் குழாய் போட்டது என்றால் வாயில் எதையும் தடவாதீர்கள். மருத்துவர் வாய் வழியாகப் பால் ஆரம்பிக்கச் சொல்லும் நாளில் அவரிடமே கேட்டுவிட்டுத் தடவலாம். பாங்குக்கு அவ்வளவு தடை இல்லை. கை கழுவிக்கொண்டு உள்ளே போக விடும் நேரத்தில் பெட்டியின் ஓட்டை வழியாக மெல்லிய குரலில் சொல்லலாம், பெட்டியைத் தட்டாமல். இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டும்.

தடவிய பின் பிள்ளை இருமினால் இருமட்டும், இருமலும் அழுகையும் காற்று போகிறது என்பதன் அடையாளம். சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடி உதடு நீலமானால் அது அடைப்பு. உடனே நர்சைக் கூப்பிட வேண்டும், வீடாக இருந்தால் 108. அதற்குள் பிள்ளையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடு எலும்பில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். அரிசி மணிக் கூழில் இது நடக்காது. கால் பழத்தில் நடக்கும்.

அன்று ராத்திரி 2:35க்குத் தங்கச்சியின் நெஞ்சில் கிடந்த பிள்ளைக்கு அத்தா குனிந்து பாங்கு சொன்னார். இரண்டாவது அஷ்ஹதுவில் குரல் உடைந்தது, கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். போனில் மச்சான் தலையில் குல்லா போட்டு உட்கார்ந்திருந்தார். இகாமத் முடிந்ததும் நானி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பழம் தடவியது அவர்தான், பெண்கள் செய்யலாம் என்பதில் ஹஜ்ரத்துக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிள்ளை விரலைப் பிடித்து இழுக்கவும் "அடேயப்பா" என்றார். 2:50க்குப் பால் குடிக்கத் தொடங்கியது. மீதி இரண்டு பழத்தைத் தங்கச்சி தின்றாள். தேன் மறுநாள் காலை என் இஞ்சி டீயில் விழுந்தது.